மருத்துவக் காப்பீட்டுப் புதுப்பித்தலில் பிரீமியம் கூடி, போனஸ் காணாமல் போனால்: விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும் முறை

கடிதம் எழுதும் முன், சென்ற ஆண்டின் பாலிசி அட்டவணையையும் இந்த ஆண்டின் புதுப்பித்தல் அறிவிப்பையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். 62 வயதான ஒருவரின் பாலிசியை உதாரணமாகக் கொள்வோம். 2025 மார்ச்சில் அவர் கட்டியது ரூ.18,880, 2026 மார்ச்சில் கேட்கப்படுவது ரூ.20,800.

முதல் படி: வரியை நீக்கி ஒப்பிடுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உயர்வு சுமார் 10 சதவீதமே. ஆனால் பழைய தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.2,880 அடங்கியிருந்தது, தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை. ஆகவே அடிப்படை பிரீமியம் ரூ.16,000-லிருந்து ரூ.20,800 ஆகி, 30 சதவீதம் உயர்ந்திருக்கிறது. வரி நீங்கியதால் மறைந்துபோன இந்த உயர்வைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த விரும்பும் நிறுவனம் முதலில் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2025 ஜனவரியில் உத்தரவிட்டுள்ளது.

இரண்டாம் படி: போனஸைச் சரிபாருங்கள். நம் உதாரணத்தில் காப்பீட்டுத் தொகை ரூ.5 லட்சம். கிளெய்ம் இல்லாத மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு 10 சதவீதமாகக் காப்பீட்டுத் தொகையுடன் கூடுதலாகச் சேர்ந்த போனஸ் ரூ.1.5 லட்சம். புதிய அறிவிப்பில் அந்த போனஸ் பற்றிய குறிப்பே இல்லை. பல பாலிசிகளில், கிளெய்ம் எடுத்தாலும் போனஸ் ஏறிய அதே விகிதத்தில்தான் குறையும், முழுவதும் அழியாது. உங்கள் பாலிசி விதி என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். மருத்துவமனை அனுப்பிய கேஷ்லெஸ் முன் அனுமதிக் கோரிக்கை பின்னர் ரத்தாகியும், கணினியில் கிளெய்மாகவே நின்றுவிட்டதா என்பதையும் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: கடிதம். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் இவ்வாறு எழுதலாம்:

> பொருள்: பாலிசி எண் ____: பிரீமியம் உயர்வு, போனஸ் நீக்கம் குறித்து விளக்கம் கோருதல்
>
> ஐயா / அம்மையீர்,
>
> வரி நீங்கலாக எனது பிரீமியம் ரூ.16,000-லிருந்து ரூ.20,800 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இது வயதுப் பிரிவு மாற்றத்தாலா, திட்டத்தின் கட்டணத் திருத்தத்தாலா என்பதையும், 10 சதவீதத்துக்கு மேலான உயர்வுக்கு ஆணையத்தைக் கலந்தாலோசித்தீர்களா என்பதையும் தெரிவிக்கவும்.
>
> நான் கிளெய்ம் எதுவும் எடுக்காத நிலையில் ரூ.1.5 லட்சம் போனஸ் நீக்கப்பட்டதற்கான பாலிசி விதியையும், என் பெயரில் பதிவான கிளெய்ம் பட்டியலையும் அனுப்பவும். தவறெனில் திருத்திய அட்டவணையை வழங்கவும்.
>
> பாதுகாப்பு தடைபடாதிருக்கவே, ஆட்சேபத்துடன் பிரீமியத்தைச் செலுத்துகிறேன்.

இரண்டு அட்டவணைகளையும் இணைத்து அனுப்பிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். பதிலுக்காகக் காத்திருந்து பணம் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. ஆனால் கெடு முடிந்து பணம் கட்டும்வரை உள்ள இடைவெளியில் நேரும் சிகிச்சைச் செலவு கிடைக்காமல் போகலாம்.

பதில் திருப்தி தராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதியலாம். நிறுவனம் ஒரு மாதம் வரை பதில் தராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டினருக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனத்துக்கு முதலில் எழுதியதற்கான சான்று அங்கே கேட்கப்படும் என்பதால், மின்னஞ்சலையும் புகார் எண்ணையும் அழிக்காமல் வைத்திருங்கள்.