எடை ஏறியதும் மாத்திரையை நிறுத்தலாமா?

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு, 52 வயதுள்ள ஓர் அம்மா பழைய மருந்துச் சீட்டோடு வந்தார். அம்லோடிபைன் 5 மில்லிகிராமும் அட்டெனோலால் 50 மில்லிகிராமும் சேர்ந்த இரத்த அழுத்த மாத்திரையை ஐந்து மாதமாகச் சாப்பிடுவதாகவும், எடை மூன்று கிலோ கூடியதால் இரண்டு நாளாக அதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். முதல் தவறு இதுதான். அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளைத் திடீரென்று விட்டால் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரக்கூடும். மருத்துவர்கள் இதன் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். ஆகவே அன்றே மருத்துவரிடம் பேசும்படி அவரிடம் சொன்னேன்.

கூடிய எடை முழுவதும் கொழுப்பு என்று எண்ணுவது அடுத்த தவறு. மாலையில் செருப்பு வார் இறுக்குகிறது என்று அவர் சொன்னதால், கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். குழி விழுந்து, மெதுவாகவே மறைந்தது. இது நீர், பெரும்பாலும் அம்லோடிபைனின் வேலை. உணவைக் குறைப்பதால் இது வடியாது. அட்டெனோலாலோ உடல் செலவிடும் ஆற்றலைச் சற்றுக் குறைத்து, முதல் சில மாதங்களில் ஓரிரு கிலோவைக் கூட்டிவிட்டுப் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். எடை இரண்டு மூன்று நாளிலேயே இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அது வேறு கதை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான் மருத்துவரிடம் கேள்வியும் சரியாக அமையும்: "எனக்கு அட்டெனோலால் இரத்த அழுத்தத்துக்காக மட்டுமா, இதயத்துக்காகவுமா? அழுத்தத்துக்கு மட்டும் என்றால் வேறு வகை மருந்து பொருந்துமா? கால் வீக்கத்துக்கு அம்லோடிபைன் அளவைக் குறைக்கலாமா?"

அரிப்புக்காகத் தினமும் இரவில் செட்டிரிசின் போடுவதை அவர் மருத்துவரிடம் சொன்னதே இல்லை. சீட்டில்லாமல் வாங்குவதை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பசியை அடக்குகிறது. அதைத் தடுக்கும் செட்டிரிசின் போன்ற மருந்து, சிலருக்குப் பசியைத் தூண்டிவிடும். இதே வகையைச் சேர்ந்த சைப்ரோஹெப்டடின் இதில் கைதேர்ந்தது. பசியெடுக்க வைக்கும் சிரப்பாகவே நம் ஊரில் அது விற்கிறது. செட்டிரிசினால் அந்த அளவுக்கு நேராது என்றாலும், தினமும் வேண்டுமா, அரிப்பு வரும் நாளில் மட்டும் போதுமா என்று கேட்பது நியாயமே.

வலிப்பு மருந்தில் விதி இன்னும் கடுமையானது. வால்ப்ரோயேட் பலருக்குப் பசியையும் எடையையும் வெகுவாகக் கூட்டுகிறது. ஆனால் அதைத் தானாக நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "என் வகை வலிப்புக்கு லாமோட்ரிஜினோ லெவெடிரசெட்டமோ ஒத்துவருமா? மாற்றுவதற்கு எத்தனை வாரம் ஆகும், அதுவரை இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்கள், எடை ஏறாவிட்டாலும் வால்ப்ரோயேட் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனெனில் அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.