தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை

கடன் தவணையை 3 மாதம் நிறுத்திவைக்கலாம் என்று வங்கி சொன்னால், உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். கட்டாத மாதங்களிலும் பாக்கி அசலுக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பல கடன்களில் அந்த வட்டி அசலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டி ஆகிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். பாக்கி 10 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், இன்னும் 240 தவணைகள். மாதத் தவணை சுமார் 8,997. அதில் முதல் மாதம் 7,500 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது வெறும் 1,497. இந்த நிலையில் 3 மாதம் கட்டாமல் விட்டால் பாக்கி 10,22,669 ஆகிவிடும். அதே தவணையைத் தொடர்ந்தால், கட்ட வேண்டியது 240 அல்ல, கிட்டத்தட்ட 256 தவணைகள். எனக்கே முதலில் நம்ப முடியவில்லை, இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

இதே கடனில் கடைசி 24 தவணைகள்தான் பாக்கி என்றால், 3 மாத வட்டி அரைத் தவணை அளவுதான் வரும். அப்போது பயப்பட ஒன்றுமில்லை.

முழுத் தவணை கட்ட முடியாவிட்டாலும், அந்த 7,500 வட்டியை மட்டும் மாதாமாதம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். கட்டினால் பாக்கி 10 லட்சத்திலேயே நிற்கும். அப்புறம், இடைவெளி முடிந்ததும் தவணைத் தொகை ஏறுமா, காலம் நீளுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.