கியர் பல்லின் அடியில் வளைவுத் தகைவு: Y-யா, y-யா?

கியர் பல்லை ஒரு முனை பிடிக்கப்பட்ட குட்டை உத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடுகோட்டு விசை Ft முழுவதும் ஒரே பல்லின் நுனியில் விழுகிறது என்பது 1892-இல் வில்ஃபிரட் லூயிஸ் எடுத்துக்கொண்ட அனுமானம். பல்லின் உயரத்தையும் அடித்தடிமனையும் தனியாக அளக்க வேண்டியதில்லை; இரண்டும் Y என்ற வடிவக் காரணிக்குள் அடங்கிவிடும்: σ = Ft / (b·m·Y). இதில் σ தகைவு, b பல்லின் அகலம், m மாட்யூல்.

5 கிலோவாட், 600 ஆர்பிஎம், 20 பல், மாட்யூல் 4 மிமீ, அகலம் 40 மிமீ, 20° முழு ஆழப் பல் என்று வைப்போம். முறுக்குவிசை சுமார் 79.6 நியூட்டன் மீட்டர். பிட்ச் வட்ட ஆரம் 40 மிமீ. அப்படியானால் Ft சுமார் 1990 நியூட்டன். அட்டவணையில் Y = 0.32. தகைவு 1990 / (40 × 4 × 0.32), அதாவது சுமார் 39 மெகாபாஸ்கல்.

பலர் சறுக்குவது இங்கேதான். சில கையேடுகள் சிறிய y-ஐத் தருகின்றன; Y = π·y. சூத்திரத்தில் மாட்யூல் இருந்தால் Y, வட்டப் பிட்ச் இருந்தால் y. மாற்றிப் போட்டால் விடை மூன்று மடங்குக்கு மேல் எகிறும். 20 பல்லுக்கு 0.1 அளவில் எண் வந்தால் அது y.

அப்புறம், 39 என்பது நின்ற நிலைக் கணக்கு. பிட்ச் வட்ட வேகம் 2.5 மீ/வி, வெட்டிச் செய்த பல்லுக்கு (6 + v)/6-ஆல் பெருக்கினால் 55 மெகாபாஸ்கல். அடி வளைவில் குவியும் தகைவு இதிலும் சேரவில்லை. விரிசல் தொடங்குவதோ, விசை படும் பக்கத்து அடி வளைவில்தான்.