பிள்ளையின் பள்ளிக் கணக்கை உங்கள் போனில் சேர்ப்பது எப்படி?

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வாரம் பிள்ளைகளின் பையில் ஒரு சின்னச் சீட்டு வரும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரி, தற்காலிகப் பாஸ்வேர்டு, கிளாஸ் கோடு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். கூகுள் கிளாஸ்ரூமில் சேர இவை போதும். புதிதாக ஜிமெயில் எதுவும் தொடங்க வேண்டாம்.

போன வருடம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை வீட்டுப்பாடம் திருத்த உட்கார்ந்தபோது, மாணவர் பட்டியலில் பாதிப் பேர் அப்பாக்களும் அம்மாக்களும்தான். ஒரு மாணவியின் கழித்தல் கணக்கு அவள் அப்பாவின் பெயரில், கல்யாணப் படத்தோடு வந்திருந்தது. அவள் பெயரோ பட்டியலிலேயே இல்லை. போனில் ஏற்கெனவே இருந்த அப்பாவின் ஜிமெயிலிலேயே கிளாஸ்ரூமைத் திறந்து கோடைப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் இந்த வருடம் பள்ளிக் கணக்கு தவிர வேறு எந்தக் கணக்கிலும் சேர முடியாதபடி மாற்றியிருக்கிறோம்.

முதலில் கணக்கைப் போனில் சேர்த்துவிடுங்கள். கிளாஸ்ரூம் செயலியை நிறுவித் திறந்ததும், மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, `Add another account` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வழி இதுதான். முகவரியைக் கேட்கும்போது சீட்டில் உள்ளதை முழுதாக அடிக்க வேண்டும். உதாரணத்துக்கு, சீட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
malar.3b@palli.example
```

இதில் malar.3b வரை அடித்து நிறுத்தினால், போன் அதை ஜிமெயில் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். "அப்படி ஒரு கணக்கே இல்லை" என்று சொல்லும். @ குறிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து அடியுங்கள். முதல் எழுத்தைப் போன் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும். முகவரியில் அது பரவாயில்லை. பாஸ்வேர்டில் அப்படி நடந்தால் உள்ளே விடாது.

உள்ளே போனதும் புதுப் பாஸ்வேர்டு கேட்கும். குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும். பிள்ளை தானே அடிக்கும்படி இருக்கட்டும். மூன்று சின்னச் சொற்களை ஒட்டி வைத்தால் பிள்ளைக்கு மறக்காது, மற்றவர் ஊகிப்பதும் கடினம். பிறந்த தேதி மட்டும் வேண்டாம். வகுப்பில் கேக் வெட்டிய எல்லோருக்கும் அது தெரியும்! வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளி டைரியில் எழுத வேண்டாம்.

இனி வகுப்பில் சேருவது. மறுபடி அந்த வட்டத்தைத் தொட்டு, மேலே இருப்பது பள்ளி முகவரிதானா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு கூட்டல் குறி, `Join class`, சீட்டில் உள்ள கோடு, `Join`. கோடில் இடைவெளியோ குறியீடோ வராது, எழுத்தும் எண்ணும்தான். கோடைச் சரியாக அடித்தும் சேர முடியவில்லை என்று வந்தால், பத்துக்கு ஒன்பது தடவை நீங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்கிறீர்கள். வட்டத்தைத் தொட்டு கணக்கை மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கணக்குகளையும் இப்படியே சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்த பிறகே வீட்டுப்பாடத்தை ஏற்ற வேண்டும். அண்ணனின் கட்டுரையைத் தங்கையின் வகுப்பில் யாரும் தேட மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்று இரவே எங்களுக்குப் போன் வரும். கணக்கைச் சேர்த்த பிறகு யூடியூபில் சில வீடியோக்கள் திறக்கவில்லை என்றால் போன் பழுதாகவில்லை. அது பிள்ளையின் பள்ளிக் கணக்கில் திறந்திருக்கிறது; பள்ளிக் கணக்குகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. யூடியூபிலும் கணக்கை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

"வகுப்பில் பிள்ளையின் கணக்குதான் இருக்கும் என்றால், பிள்ளையின் வீட்டுப்பாடத்தை நான் எப்படிப் பார்ப்பது?" என்று கேட்பீர்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலுக்குப் பள்ளியிலிருந்து ஓர் அழைப்பு தனியாக வரும். அதை 120 நாளுக்குள் ஏற்றுக்கொண்டால், பிள்ளை முடிக்காத வேலை, அடுத்து முடிக்க வேண்டிய வேலை ஆகியவற்றின் சுருக்கம் தினமுமோ வாரம் ஒருமுறையோ உங்களுக்கு வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டால் திரையில் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். பள்ளிக் கணக்குகளுக்கு அலுவலகத்திலிருந்துதான் மாற்ற முடியும். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சொன்னால் புதிய தற்காலிகப் பாஸ்வேர்டு தருவோம். பழையது என்ன என்று நாங்கள் கேட்க மாட்டோம். பள்ளியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது கேட்டால் சொல்லாதீர்கள், அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
பள்ளி நிர்வாக அலுவலர்