ஒரே நாளில் எல்லா ரவுண்டும்: எச்.ஆர். சறுக்கும் இடங்கள்

ஓசூர், சூளகிரி பக்கத்து ஆலைகளுக்கு வேலை தேடி வருகிறவர்கள் பலர் ஏற்கெனவே வேறு ஊரில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே பெரும்பாடு. மூன்று தடவை வரச் சொன்னால் இரண்டாவது தடவையே போனை எடுக்க மாட்டார்கள். அதனால்தான் இன்டர்வியூவின் எல்லாச் சுற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறோம். அது சொதப்புவது பெரும்பாலும் முந்தைய வாரத்திலேயே.

ஓர் உதாரணம். சூளகிரியில் கார் உதிரி பாகம் செய்யும் ஆலை, தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர் வேலை. கேண்டிடேட் சேலத்துக்காரர். வரைபடம் படிக்கும் எழுத்துத் தேர்வு 45 நிமிடம், குவாலிட்டி மேனேஜர் 45, ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக்காட்டியபடி புரொடக்‌ஷன் மேனேஜர் 45, பிளான்ட் ஹெட் 30, கடைசியில் சம்பளப் பேச்சு 30. கூட்டினால் மூன்றேகால் மணி நேரம்தான். அந்தக் கணக்கை நம்பி, "வியாழக்கிழமை வாங்க" என்று கேண்டிடேட்டிடம் முதலில் சொல்லிவிட்டு, பிறகு மேனேஜர்களைத் தேடி ஓடுவதுதான் முதல் தவறு.

தேதியை நேரம் குறைவாக உள்ளவரிடமிருந்து பிடிக்க வேண்டும். இங்கே அது பிளான்ட் ஹெட். காலையில் உற்பத்திக் கூட்டம், மாலையில் கஸ்டமர் கால். மதியம் 2 முதல் 3 வரைதான் கிடைப்பார். அதை ஆணியடித்துவிட்டு மற்றவர்களைப் பின்னோக்கி அடுக்குங்கள். அடுத்து புரொடக்‌ஷன் மேனேஜர். ஷிஃப்ட் மாறும் 2 மணியை ஒட்டி அவரைக் கேட்பது வீண். உடம்பு நாற்காலியில் இருக்கும், கண் லைனில் இருக்கும். ஆகவே அவருக்கு 12.15. குவாலிட்டி மேனேஜருக்கு 11.15, எழுத்துத் தேர்வு 10.15. சம்பளப் பேச்சு நம் கையில் இருப்பது, 2.45க்கு வைத்துக்கொள்ளலாம்.

"பாத்துக்கலாம்மா, அன்னைக்கு ஃப்ரீதான்" என்று மேனேஜர் நடந்துகொண்டே சொல்வது சம்மதம் ஆகாது. காலண்டர் இன்வைட்டில் 'Accept' விழுந்த பிறகுதான் கேண்டிடேட்டுக்குப் போன் போட வேண்டும். கூடவே, "நீங்க லைன்ல மாட்டிக்கிட்டா உங்களுக்குப் பதிலா யார் சார்?" என்று அப்போதே கேட்டு வாங்குங்கள். கஸ்டமர் புகார் வந்து குவாலிட்டி மேனேஜர் கிளம்பிவிட்ட பிறகு ஆள் தேடினால் யாரும் சிக்க மாட்டார்கள்.

இரண்டு சுற்றுக்கு நடுவே 15 நிமிடம் விடாமல் அடுக்குவது அடுத்த தவறு. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று படுத்துக்கொண்டால் சேலத்துப் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டில் பாஸ் போட்டு, சேஃப்டி ஷூ கொடுத்து உள்ளே விடவும் நேரம் பிடிக்கும். 10 மணிக்கு வரச் சொல்லி 10.15க்குத் தொடங்குவது அதற்காகத்தான். பிளான்ட் ஹெட் சுற்று 2 மணிக்கே தொடங்கினால் அவரிடம் அரைமணி மிச்சம் இருக்கிறது. காலையில் சேர்ந்த தாமதத்தில் கொஞ்சத்தை அது தாங்கும்.

அந்த 15 நிமிடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேனேஜர் தன் கருத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுத்த மேனேஜரிடம் பேச வேண்டும். காரிடாரில் "ஆள் சுமார்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்தவரின் இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிட்டது; அவர் சுமாரான பதில்களைத்தான் தேடுவார். மூன்று பேரும் ஒரே பல்லவி பாடினால் அது மூன்று கருத்து இல்லை.

கேள்விகளைப் பிரிக்காமல் விட்டாலும் இதே கதிதான். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று மூன்று அறையிலும் கேட்டால் மூன்றாவது அறையில் கேண்டிடேட் மனப்பாடம் ஒப்பிப்பார். அளவுக் கருவிகளும் புகார்களின் மூலக் காரணமும் குவாலிட்டி மேனேஜருக்கு. தவறான பாகம் ஓடும்போது லைனை நிறுத்துவாரா, யாரிடம் சொல்வார் என்பது புரொடக்‌ஷன் மேனேஜருக்கு. இதை இன்வைட்டிலேயே இரண்டு வரியில் எழுதிவிடலாம்.

நான் மிகவும் வெறுப்பது வேறொன்று. காலைச் சுற்றுகளிலேயே தேறாதவரை, திட்டம் போட்டாயிற்றே என்று மாலை வரை உட்கார வைப்பது. இல்லையென்றால் காரணம் சொல்லாமல் ரிசப்ஷனிலிருந்தே அனுப்பிவிடுவது. அடிப்படை அனுபவம், நோட்டீஸ் காலம், சம்பள எதிர்பார்ப்பு எல்லாம் முந்தைய வாரம் போனிலேயே பேசி முடிக்க வேண்டியவை; அதற்காக யாரும் சேலத்திலிருந்து பஸ் ஏற வேண்டியதில்லை. நேரில் வருகிறவரிடம், "1 மணிக்கு மேல அடுத்த சுற்று இருக்கா இல்லையான்னு சாப்பாட்டு நேரத்துல சொல்லிடுவோம்" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மேனேஜர்களின் எழுத்துக் கருத்தும் அதற்குள் உங்கள் கையில் இருக்கும். அடுத்த சுற்று இல்லை என்றால் கேன்டீனில் சாப்பிட வைத்து, நேரடியாகச் சொல்லி அனுப்புங்கள்.

3.15க்கு முடிந்துவிட்டால் அவரைக் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, ஜெனரல் ஷிஃப்ட் முடிவதற்குள் மேனேஜர்களைக் கால்மணி நேரம் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு நினைவிருப்பது அன்றைய ரிஜெக்‌ஷன் கணக்கு மட்டும்தான்.