குறைமாதக் குழந்தையின் குடற்சுவரில் குமிழி: எக்ஸ்ரேயில் "மலம்" என்று எழுதும் தவறு

பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில், கொழும்பில் ஒரு மகப்பேற்று ஆஸ்பத்திரியில், இரவு 11 மணிக்கு ஒரு வயிற்று எக்ஸ்ரேயைப் பார்த்து "வலது கீழ் வயிற்றில் மலம்" என்று எழுதினேன். அது மலம் இல்லை. குடற்சுவருக்குள் புகுந்த வாயு. இன்று படங்களை வாசிப்பதே என் வேலை. அந்த ஒரு சொல்லை இன்னமும் இளம் வைத்தியர்களின் குறிப்புகளில் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குழந்தை 28 வாரத்தில் பிறந்த பெண். அன்று அவளுக்கு 17 நாள், எடை 1,150 கிராம். தாய்க்குப் பால் போதாமல் மாப்பாலும் சேர்த்து, 2 மணிக்கு ஒரு தடவை 12 மில்லிலீட்டர் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. அன்று இரவு தாதி கூப்பிட்டார்: "டொக்டர், இந்தப் பிள்ளையின் வயிறு காலையில் இருந்த மாதிரி இல்லை. போன தடவை குடுத்த பாலில் பாதி அப்படியே நிக்குது, பச்சையாயும் இருக்கு." இரண்டு தடவை மூச்சும் நின்று வந்திருந்தது. படம் எடுத்தோம். வலது கீழ்ப் பக்கத்தில் சோப்பு நுரை போல, ஊறிய ரொட்டித் துண்டு போல, சின்னச் சின்னக் கறுப்புக் குமிழிகள். பெரியவர்களின் படத்தில் பெருங்குடல் மலம் இப்படித்தான் தெரியும். கண் பழகிய வடிவம் அது, கையும் தானாக அதையே எழுதியது. பாலை 6 மில்லிலீட்டராகக் குறைத்துத் தொடரச் சொன்னேன்.

எங்கே பிழைத்தேன் என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். 1,150 கிராம் எடையில், கொஞ்சமாகப் பால் குடிக்கும் குழந்தையின் பெருங்குடலில் காற்றோடு கலந்து இறுகிய மலம் அப்படித் தேங்குவது மிக அரிது. அந்தக் குழந்தைகளின் மலம் கொஞ்சம், மிருது. ஆகவே குறைமாதக் குழந்தையின் வலது கீழ் வயிற்றில் மலம் போல ஒன்று தெரிந்தால், வேறென்று நிரூபணமாகும்வரை அதைக் குடல் அழன்று கருகும் நோயான நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வாட்டில் சுருக்கமாக "நெக்" என்போம். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலின் தொடக்கமும்தான் அது அதிகம் தாக்கும் இடங்கள். இரண்டும் இருப்பது அந்த வலது கீழ் மூலையில்தான். மலம் இருக்கக்கூடிய இடமும் நோய் வரக்கூடிய இடமும் ஒன்றாக இருப்பதால்தான் இந்தத் தவறு இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

குமிழி எப்படி வருகிறது என்று தெரிந்தால் படத்தில் அதைத் தேடுவது சுலபமாகும். முதிராத குடலின் உட்படலம் பழுதாகிறது. அந்த வெடிப்பின் வழியாகக் கிருமிகள் சுவருக்குள் நுழைகின்றன. பாலிலுள்ள சர்க்கரையை அவை நொதிக்கச் செய்யும்போது ஐதரசன் உண்டாகிறது. அந்த வாயு உட்படலத்துக்குக் கீழே தேங்கினால் குமிழி குமிழியாகத் தெரியும். வெளிப்படலத்துக்கு அடியில் பரவினால் குடலின் ஓரத்தோடு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். குடலை நேராக முனையிலிருந்து பார்க்கும் இடத்தில் அதே கோடு வளையமாகிவிடும். குடலுக்குள் உள்ள காற்றைச் சுற்றி, ஒரு மெல்லிய வெள்ளை இடைவெளிக்கு அப்பால், இன்னொரு கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலத்தைச் சுற்றி அப்படிக் கோடு வராது. மலம் அடுத்த படத்தில் நகர்ந்திருக்கும் அல்லது போயிருக்கும், சுவர்க் குமிழி பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் அல்ட்ராசவுண்ட் செய்யலாம். கைதேர்ந்தவர் செய்தால் சுவருக்குள் உள்ள வாயுவும், சுவருக்கு ரத்தம் போகிறதா என்பதும், வயிற்றுக்குள் நீர் கட்டியிருக்கிறதா என்பதும் தெரியும். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் பால் போய்க்கொண்டிருக்கக் கூடாது.

பெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவும் 1978ல் இந்த நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். அதைப் பின்னர் திருத்திய வடிவத்தில்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். வயிறு வீங்குவது, பால் தங்குவது, மூச்சு நிற்பது எல்லாம் முதல் நிலை, அதாவது சந்தேகம். சுவரில் வாயு தெரிந்தவுடன் அது இரண்டாம் நிலை, உறுதியான நோய். என் கையில் இருந்த படம் அந்தக் குழந்தையைச் சந்தேகத்திலிருந்து உறுதிக்குக் கொண்டுவந்திருந்தது. நான் "மலம்" என்று எழுதித் திரும்பப் பின்னுக்கு அனுப்பிவிட்டேன்.

காலை 5 மணிக்கு அவள் சாம்பல் நிறமாகிவிட்டாள். மலத்தில் ரத்தம். முந்தின நாள் 2,30,000 இருந்த இரத்தத் தட்டுகள் 68,000 ஆக விழுந்திருந்தன. இரண்டாவது படத்தில் குமிழிகள் அசையாமல் அதே இடத்தில் இருந்தன. ஈரலுக்குள் மரக்கிளை போலக் கறுப்புக் கோடுகளும் புதிதாக வந்திருந்தன. குடற்சுவரின் வாயு குடல் நாளங்கள் வழியாக ஈரலின் வாயில் நாளத்துக்குப் போய்ச் சேர்ந்ததன் அடையாளம் அது. (தொப்புள் நாளத்தில் குழாய் போட்டிருந்தால், அதன் வழியாகப் புகுந்த காற்றும் இப்படித் தெரியலாம். குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) இடைப்பட்ட 6 மணிநேரத்தில், கருகத் தொடங்கிய குடலுக்குள் மூன்று தடவை பால் போயிருந்தது.

ஏன் அவசரம் என்று பெற்றோர் கேட்பதுண்டு, "வாயுதானே டொக்டர்" என்று. இந்த வயதில் குடற்சுவரின் தடிப்பு இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் கிருமியும் வாயுவும் வீக்கமும் சேர்ந்தால் சிறு ரத்த நாளங்கள் அடைபடும். ரத்தம் போகாத சுவர் முழுத் தடிப்புக்கும் சாகும், அப்புறம் ஓட்டை விழும். இது நாள் கணக்கில் நடக்க வேண்டுமென்றில்லை, சில மணிநேரத்திலேயே நடக்கலாம். கிருமி ரத்தத்தில் பரவினால் குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போகும். சத்திரசிகிச்சை வரை போகும் மிகச் சிறிய குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறந்துபோகிறது. குடல் இன்னும் முழுதாக இருக்கும்போதே பிடித்தால் மருந்தோடு மட்டும் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. எனவே குமிழியைப் பார்த்த அந்த நிமிடமே பாலை முழுதாக நிறுத்த வேண்டும். பாதியாகக் குறைப்பது சிகிச்சை இல்லை. வாய்வழியாகத் தடித்த குழாய் போட்டு வயிற்றைக் காலியாக வைத்து, ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து, நாளம் வழியாக அன்டிபயோட்டிக்கும் திரவமும் தொடங்க வேண்டும்.

சத்திரசிகிச்சை நிபுணரை அழைக்கத் தயங்குவது அடுத்த தவறு. "ஓட்டை விழட்டும், பிறகு சொல்வோம்" என்ற எண்ணம் கொழும்பில் இன்னும் ஆபத்தானது. டி சொய்சா, காசல் வீதி மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் பொரளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டும். தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் மூச்சுக் கருவியோடு, சூடு குறையாமல், ரத்த அழுத்தம் நிலைப்பட்டபின் நகர்த்தத் தயாராகவே மணிக்கணக்காகும். சுவரில் வாயு தெரிந்த இரவிலேயே ஒரு தொலைபேசி அழைப்பு போயிருக்க வேண்டும்.

அவளை நகர்த்தும் முன் இன்னொரு படம் எடுத்தோம். இந்த முறை மல்லாக்க மட்டும் எடுக்கவில்லை. மல்லாக்கக் கிடக்கும்போது, குடலில் ஓட்டை விழுந்து வெளியேறிய காற்று வயிற்றின் முன்பக்கம் பரந்து நிற்கும். அப்போது வயிறு முழுக்க மெல்லிய கறுப்பு மட்டும் படியும், கவனிக்காவிட்டால் அப்படியே தவறிப்போகும். குடற்சுவரின் உள், வெளி இரண்டு பக்கமும் கூர்மையாகத் தெரிவதும், குடல்களுக்கிடையில் சின்ன முக்கோணக் கறுப்புத் தெரிவதும் அந்தப் படத்திலேயே கிடைக்கும் துப்புகள். இடப்பக்கம் கீழாகச் சரித்துச் சில நிமிடம் வைத்து எடுத்தால், காற்று ஈரலுக்கு மேலே ஏறி நிற்கும். வெள்ளை ஈரலின் மேல் கறுப்பு விளிம்பு, யாருக்கும் தெரியும். சரிக்க முடியாத அளவுக்குக் குழந்தை மோசமாக இருந்தால், அசைக்காமல் பக்கவாட்டிலிருந்து கதிரை விட்டு எடுக்கலாம். நெக் சந்தேகம் என்றால் எக்ஸ்ரே வேண்டுகோளிலேயே இந்த இரண்டாவது படத்தையும் எழுதிவிடுங்கள். எங்கள் படத்தில் ஈரலுக்கு மேலே அந்தக் கறுப்பு விளிம்பு இருந்தது.

அன்று மதியம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 9 சென்டிமீட்டரை வெட்டி எடுத்தார்கள். மீதிக் குடலின் முனையை வயிற்றுத் தோலில் வாயாக வைத்தார்கள். அவள் பிழைத்தாள்.

ஓட்டை விழாத குழந்தைகளில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பால் நிறுத்தி, 6 முதல் 8 மணிநேரத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டிருப்போம். ஒரு படத்தில் குமிழிகள் மறைந்துவிடும். உடனே "வாயு போய்விட்டது, நல்லாகிறது" என்று எழுதுவார்கள். சுவர்வாயுவின் அளவு நோயின் கடுமையை அளப்பதில்லை. சுவர் ஆறினாலும் குமிழி மறையும், நிலைமை முற்றினாலும் மறையும். ஒரு குடல் வளையம் மட்டும் வீங்கி, 24 மணிநேரமாக ஒவ்வொரு படத்திலும் இடம் மாறாமல் கிடந்தால் அது செத்த குடலாக இருக்கலாம். வயிற்றில் காற்றே இல்லாமல் வெறும் சாம்பலாகத் தெரிந்தால் உள்ளே நீர் கட்டியிருக்கலாம். ஆகவே குமிழி மறைந்த படத்தைத் தனியே வாசிக்காதீர்கள். இரத்தத் தட்டு ஏறுகிறதா, ரத்தத்தில் அமிலம் குறைகிறதா, வயிற்றுத் தோல் சிவந்திருக்கிறதா, தொட்டால் குழந்தை துடிக்கிறதா என்று கேட்டு, முந்தின படங்களை வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். குமிழியே தெரியாத நெக்கும் உண்டு. குழந்தை மோசமாகிக்கொண்டு போனால் சுத்தமான படம் ஆறுதல் இல்லை.

அந்தத் தாயிடம் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னதை இப்போதும் சொல்கிறேன். ஆறிய இடத்தில் தழும்பு சுருங்கி, சில வாரங்கள் கழித்தும் குடல் ஒடுங்கலாம். பெரும்பாலும் பெருங்குடலில்தான் அப்படி ஆகும், சத்திரசிகிச்சை செய்யாத குழந்தைகளிலும் ஆகும். வயிறு திரும்ப வீங்கினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலம் போவது நின்றாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் இரவென்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். வந்தவுடன் "இந்தப் பிள்ளைக்கு நெக் இருந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.