குடித்துவிட்டு நினைவின்றிக் கிடப்பவருக்கு என்ன செய்வது? ஒருக்களித்துப் படுக்க வைக்கும் முறையும் ஆபத்து அறிகுறிகளும்

அளவுக்கு மீறிக் குடித்த ஒருவர் சாய்ந்துவிட்டால் கூட இருப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, "விடு, தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்" என்பதுதான். பல இரவுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கிடப்பவர் தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படி ஒரேயடியாக அளவுக்கு மீறிக் குடிப்பதால் நேரும் சாவு பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மூச்சை நடத்தும் மூளைப் பகுதியை மது மந்தமாக்குவதால் மூச்சு மெதுவாகிக் கடைசியில் நின்றுபோவது. இன்னொன்று, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போவது. நாம் சாதாரணமாக இருக்கும்போது தொண்டைக்குள் எது தவறிப் போனாலும் இருமித் தள்ளிவிடுவோம். ஆழ்ந்த போதையில் அந்த இருமல் வராமல் போகலாம்.

இதோடு ஒரு விஷயத்தைச் சேர்த்து யோசியுங்கள். கடைசி மடக்கைக் குடித்ததோடு போதை ஏறுவது நிற்பதில்லை. வயிற்றிலும் குடலிலும் மிச்சமிருக்கும் மது அதன் பிறகும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஒரே மூச்சில் நிறையக் குடித்தவருக்கு, சாய்ந்து விழுந்த பிறகுதான் ரத்தத்தில் மதுவின் அளவு உச்சத்துக்குப் போகலாம். ஆகவே அவர் விழுந்த பிறகு வரும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய நேரம்.

படி 1: எழுப்பிப் பாருங்கள்

பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். இரண்டு தோள்களையும் தட்டுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் தசையை விரல்களால் அழுத்திக் கிள்ளுங்கள். கண்ணைத் திறந்து, குழறலாகவாவது பதில் சொன்னால் அவருக்கு நினைவு இருக்கிறது. அவரையும் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள்.

கண் திறக்கவில்லை, வெறும் முனகல் மட்டும் வருகிறது, அல்லது அதுவும் இல்லை என்றால் அது தூக்கம் அல்ல. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும், நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயத்தில்தான் இந்த இடத்தில் நேரம் வீணாகிறது. அந்தச் சங்கடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: மூச்சைப் பாருங்கள்

நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, தாடையை மேலே தூக்குங்கள். உங்கள் கன்னத்தை அவர் வாய்க்கு அருகே கொண்டுபோய், பார்வையை மார்பின் மேல் வையுங்கள். 10 விநாடி போதும். மார்பு ஏறி இறங்குகிறதா, மூச்சுச் சத்தம் கேட்கிறதா, கன்னத்தில் காற்று படுகிறதா என்று கவனியுங்கள்.

மூச்சே இல்லை, அல்லது கரையில் விழுந்த மீன் போல எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து திணறுகிறார் என்றால், அதை மூச்சாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, நடு மார்பில் ஒரு கை மேல் மறு கையை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் அவசர எண்ணில் பேசுபவர் சொல்லிக்கொண்டே வருவார்.

மூச்சு இருந்தால் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி இங்கே வேண்டாம். போதையில் மூச்சு சீராக இருக்காது. நடுவில் விழும் நீண்ட இடைவெளி அந்தக் கணக்கில் தப்பிவிடும்.

படி 3: ஒருக்களித்துப் படுக்க வைப்பது

இதை வாசித்ததோடு விடாமல், வீட்டில் யாரையாவது தரையில் படுக்கச் சொல்லி ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

சோபாவிலோ கட்டிலிலோ இருந்தால், முடிந்தவரை ஆட்களைச் சேர்த்துத் தரையில் இறக்குங்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள். பாக்கெட்டில் இருக்கும் போன், சாவிகளை எடுத்துவிடுங்கள். கழுத்தை இறுக்கும் பொத்தானைத் தளர்த்துங்கள். அவர் மல்லாக்கக் கிடக்க, நீங்கள் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்காருங்கள்.

1. உங்கள் பக்கம் இருக்கும் அவர் கையை உடம்புக்குச் செங்கோணமாக நீட்டி, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள்.

2. எதிர்ப்பக்கக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை உங்கள் பக்கம் இருக்கும் அவர் கன்னத்தில் படும்படி வைத்து, அதை உங்கள் கையாலேயே பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் திருப்பும்போது கை நழுவித் தலை தரையில் இடிக்கும்.

3. மறு கையால், எதிர்ப்பக்கக் காலை முழங்காலுக்குச் சற்று மேலே பிடித்து இழுத்து, பாதம் தரையில் ஊன்றும்படி மடக்குங்கள்.

4. மடங்கிய அந்த முழங்காலை உங்களை நோக்கி இழுங்கள். உடம்பு தானாக உங்கள் பக்கம் உருளும். தோளைப் பிடித்துத் திருப்ப முயன்றால்தான் கனமான ஆளைத் திருப்ப முடியாமல் போகும். காலை இழுத்தால் மெலிந்தவர்கூடத் திருப்பிவிடலாம்.

5. மேலே இருக்கும் காலின் இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கியிருக்கட்டும். அந்தக் கால் ஊன்றியிருப்பதால்தான் அவர் குப்புற விழ மாட்டார்.

6. கடைசியாக, தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையை நோக்கித் திறந்திருக்கும்படி வையுங்கள். கன்னத்துக்குக் கீழே இருக்கும் கை அந்தச் சாய்வைத் தாங்கும்.

இடமா வலமா என்று குழம்ப வேண்டாம், இரண்டும் சரிதான். கர்ப்பிணி என்றால் இடப்பக்கம். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்க வேண்டி வந்தால் மறுபக்கம் திருப்புங்கள்.

பலர் தவறும் இடம் ஆறாவது படி. முகவாய் மார்பில் புதைந்தபடி விட்டுவிடுகிறார்கள், அல்லது "வசதியாக இருக்கட்டும்" என்று உயரமான தலையணை வைக்கிறார்கள். இரண்டிலும் தொண்டை மடங்கி மூச்சு அடைபடும். சுவரில் சாய்த்து உட்கார வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. சரியாக வைத்தீர்களா என்பதைக் காது சொல்லிவிடும். மூச்சு சத்தமில்லாமல் வர வேண்டும். பெரிய குறட்டை வந்தால் நாக்கு பின்னால் சரிந்து பாதி வழியை அடைக்கிறது என்று பொருள். தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் குறட்டை அடங்கும். களகளவென்று சத்தம் வந்தால் வாயில் வாந்தியோ எச்சிலோ தேங்கியிருக்கிறது. முகத்தை இன்னும் கீழே திருப்பி வடிய விடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைத் துணியால் துடையுங்கள். தெரியாததைத் தேடி விரலை உள்ளே விட வேண்டாம்.

ஒருக்களித்துப் படுக்க வைப்பது மூச்சுவழியைக் காக்கும். மூச்சு மெதுவாவதைத் தடுக்காது. ஆகவே படுக்க வைத்த பிறகும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 4: பக்கத்திலேயே இருந்து குறித்துவையுங்கள்

ஓர் உதாரணம். இருபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் வெறும் வயிற்றில், 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் 750 மி.லி. விஸ்கி பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டார். 40 சதவீதம் என்று வைத்தால் அதில் ஏறக்குறைய 118 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். அத்தனையும் கழிய 12 முதல் 17 மணி நேரம் ஆகும். எந்தக் கைவைத்தியமும் இந்த வேகத்தைக் கூட்டாது.

11.30: கண் மூடிக் கிடக்கிறார். கூப்பிட்டால் திறக்கிறார், பெயர் சொல்கிறார். மூச்சு 14. ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம்.

11.40: தோளைத் தட்டினால்தான் கண் திறக்கிறது. பேச்சு புரியவில்லை. மூச்சு 12.

11.50: கிள்ளினால் முகம் சுளிக்கிறார், கண் திறக்கவில்லை. மூச்சு 9.

இப்போதே அழைக்க வேண்டும். 9 என்பது ஆபத்து எல்லையான 8க்குக் கீழே இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. எழுப்ப முடியவில்லை என்பது ஒன்றே போதும். அதோடு இருபது நிமிடத்தில் மூச்சு 14இலிருந்து 9 ஆகிவிட்டது. 12 மணிக்கு வாந்தி எடுக்கிறார். ஒருக்களித்துக் கிடந்ததால் அது தரையில் வடிந்துவிடுகிறது. மல்லாக்கக் கிடந்திருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

போனில் அந்தக் குறிப்பை அப்படியே வாசியுங்கள்: என்ன குடித்தார், எவ்வளவு, எப்போது நிறுத்தினார், கடைசியாக எப்போது பதில் சொன்னார், மூச்சு எத்தனை. மாத்திரையோ வேறு போதைப்பொருளோ எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்குவது இன்னும் வேகமாக நடக்கும்.

உடனே ஆம்புலன்ஸ் தேவைப்படும் அறிகுறிகள்

எழுப்ப முடியாதது முதலாவது. மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே போவது, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி. உதடும் நகமும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவது. கருநிறத் தோலில் இது தெரியாமல் போகலாம், உதட்டின் உட்புறத்தைப் பாருங்கள். உடம்பு சில்லென்று ஈரமாக இருப்பது. வலிப்பு. நினைவில்லாமலே வாந்தி.

குடிவாசனை வந்தாலே எல்லாவற்றுக்கும் குடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விழுந்து தலையில் அடிபட்டவரும் இப்படித்தான் கிடப்பார். சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். இவற்றில் எதுவாக இருக்கலாம் என்று தோன்றினாலும் மருத்துவ உதவி வேண்டும். எங்கே தயாரானது என்றே தெரியாத சாராயம் குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினாலோ, வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் வந்தாலோ மெத்தனால் நஞ்சாக இருக்கலாம். அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

செய்யக் கூடாதவை

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், ஏற்கெனவே மதுவால் இறங்கும் உடல் வெப்பம் இன்னும் இறங்கும். போர்வை போர்த்துங்கள். காபி போதையைக் குறைக்காது, விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றுவது எதுவானாலும் நுரையீரலுக்குப் போகலாம். கைத்தாங்கலாக நடக்க வைத்தால் கீழே விழுவார். தனியறையில் விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்.

எப்போது பக்கத்தை விட்டு எழலாம்? கூப்பிட்டதும் விழித்து, புரியும்படி பேசி, பிடியில்லாமல் எழுந்து உட்கார்ந்து, தண்ணீரைப் புரையேறாமல் குடிக்கும்போது. அதுவரை ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். உங்களுக்கே தூக்கம் வந்தால் இன்னொருவரை எழுப்பி உட்கார வைத்து, குறித்துவைத்த தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.